9 பக்கக் குறும்படத் திரைக்கதை: கரையில் விளக்கேற்றும் மீனவர் மனைவி – நடுவில் தொய்கிறது, எங்கே பிசகு?

ரீல்பெட்டி
9 பக்கம், 5 காட்சி. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஒன்பது நிமிடப் படம். தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையில், சின்ன ஆறு ஒன்று கடலில் சேரும் இடத்தில் ஒரு கற்பனைக் கிராமம். ஐப்பசி கடைசி. அஞ்சலையின் கணவன் கலியன் விடியற்காலையிலேயே ஃபைபர் படகில் போய்விட்டான், மாலை வரை திரும்பவில்லை.

காட்சி 1: சூரியன் கடலில் இறங்குகிறது, மேகம் திரள்கிறது. காட்சி 2: அஞ்சலை அகல் விளக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டு போகிறாள். காட்சி 3: காற்று, காத்திருப்பு, திருமண நாள் நினைவுகள். காட்சி 4: எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைகிறது, அவள் அலறுகிறாள். காட்சி 5: விடியல். வெறும் கடல்.

படித்த நண்பர்கள் எல்லோரும் "அழகா இருக்கு" என்கிறார்கள், ஆனால் காட்சி 3-இல் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நினைவுக் காட்சியைச் சுருக்கினால் போதுமா?

வெட்டுமேசை
சுருக்கினால் போதாது. உங்கள் விளக்கு எந்த வேலையும் செய்யவில்லை, அதுதான் சங்கதி. அவள் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் கலியனுக்கு நடப்பது நடக்கும். அதனால் மூன்றாம் காட்சியில் அவள் கையில் செய்ய எதுவும் மிஞ்சவில்லை, நீங்கள் கல்யாண நினைவைக் கொண்டுவந்து நிரப்புகிறீர்கள்.

அந்த விளக்கால் கடலில் இருப்பவனுக்கு என்ன தெரியவரும்? அதற்கு ஒரு பதில் கண்டுபிடியுங்கள். அது கிடைத்துவிட்டால் நினைவுக் காட்சியை முழுசாகவே தூக்கிவிடலாம்.

விளக்கு அணைந்தால் புருஷன் போய்விட்டான் என்பதையும் விடுங்கள். பார்க்கிறவர்கள் இரண்டாம் காட்சியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சவுக்குத்தோப்பு
கதைக்கு முன்னால் சில திருத்தங்கள். அந்தக் கரையில் சூரியன் கடலில் இறங்காது, ஊருக்குப் பின்னால் பனைமரங்களுக்கு மேல்தான் இறங்கும். மாலையில் முதலில் இருட்டுவது கடல்தான். மேகம் கிழக்கிலும் வடகிழக்கிலும் கட்டும். அதாவது அவள் முதுகில் கடைசி வெளிச்சம், முகத்துக்கு எதிரே கறுப்பு. உங்கள் காட்சி 1-ஐ விட இது நல்ல சட்டகம், செலவும் இல்லை.

அகல் விளக்கு கொண்டல் காற்றில் ஒரு நிமிடம் நிற்காது. வாசலைத் தாண்டும் முன்பே அணையும். லாந்தர் வேண்டும். சாதாரண லாந்தர் தெளிவான இருட்டில் நாலைந்து கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரியலாம். மழை இறங்கிவிட்டால் சில நூறு மீட்டர்தான். எனவே மேகம் திரள்கிற அந்த நேரம் வெறும் சூழல் இல்லை, அவளுக்கு இருக்கிற கெடுவே அதுதான். மழை வருமுன் விளக்கு அவன் கண்ணில் பட்டாக வேண்டும்.

அடுத்தது, இன்றைய கிராமத்தில் கரையோரம் உயர்கோபுர விளக்கு இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது. அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு லாந்தர் கடலிலிருந்து தெரியவே தெரியாது. ஆகவே மின்சாரம் போக வேண்டும். காற்று வலுத்தால் கம்பி அறுந்து போகும், இல்லையென்றால் மின்வாரியத்துக்காரர்களே நிறுத்துவார்கள். அது போகிற கணத்தில்தான் கதை தொடங்குகிறது. அதுவரை கலியன் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த கோபுர விளக்கு அப்போதுதான் காணாமல் போகிறது.

கொளச்சல்காரன்
இதே மாதிரி நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், கொளச்சல் பக்கம் நடக்கிறது. அப்போ எனக்கும் சூரியன் கடலில் இறங்கக் கூடாதா? ஒக்கிப் புயல் சமயத்துக் கதை, 2017 நவம்பர் கடைசி.

சவுக்குத்தோப்பு
உங்கள் கரை மேற்கு பார்த்தது, தாராளமாக இறங்கட்டும். ஆனால் ஒக்கியில் போனவர்களில் பலர் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்தவர்கள். கரையில் ஏற்றும் விளக்குக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, தூரம் அப்படி. அன்றாடம் போய்த் திரும்பும் படகாக இருந்தால் மட்டும் விளக்கை வையுங்கள். ரீல்பெட்டியும் இதைக் கவனிக்கணும், கதையில் இருப்பது பெரும்புயலா, ஒரு மணி நேரச் சூறையா? பெரும்புயல் என்றால் முதல் நாளே கடலுக்குப் போகாதே என்று சொல்லியிருப்பார்கள், அஞ்சலையைப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பியிருப்பார்கள். ஒன்பது நிமிடத்துக்குச் சூறை போதும்.

உப்புக்காற்று
இவ்வளவு சிக்கல் எதற்கு? கதையை 1977-க்குத் தள்ளுங்கள். நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்த புயல். மின்சாரம், செல்போன், ஜிபிஎஸ் எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கட்டுமரம், பாய், லாந்தர். படமும் அழகாக வரும்.

சவுக்குத்தோப்பு
மின்சார விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கட்டுமரம் வந்தால் விளக்கின் அவசியம் குறைந்துவிடுகிறது. கட்டுமரத்துக்கு ஆற்று முகத்துவார வாசல் தேவையில்லை. அலையில் ஏறி எந்த மணலில் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும். கரை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். இந்தக் காற்றில் அலையே கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

எஞ்சின் வைத்த ஃபைபர் படகு அப்படியில்லை. இந்தக் கடலில் வெறும் மணலில் ஏற்றினால் பக்கவாட்டில் அலை வாங்கிப் புரளும். அந்த ஊரில் படகைக் கட்டி நிறுத்தும் இடம் ஆற்றுக்குள்ளே. அதற்கு முகத்துவாரத்து வாசல் வழியாகத்தான் வரணும். முகத்துவாரம் ஓரிடத்தில் நிற்காது என்பதுதான் கதைக்கு நல்லது. கோடையில் மணல் மூடிக்கிடக்கும். ஐப்பசி மழையில் ஆற்று வெள்ளம் வந்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும். உடைகிற இடம் ஒவ்வொரு தடவையும் வேறு.

இப்போது வெட்டுமேசையின் கேள்விக்குப் பதில் வருகிறது. கலியன் விடியற்காலையில் வெளியே போனபோது வாசல் வடக்கு ஓரமாக இருந்தது. பகலில் வெள்ளம் வந்து தெற்கே ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி உடைத்துவிட்டது. பழைய வாசல் தூர்ந்து, அங்கே இப்போது முழங்கால் ஆழத்தில் மணலும் மேலே உடையும் அலையும்தான். இது கரையில் நின்ற அஞ்சலைக்குத் தெரியும், கடலில் இருக்கிற அவனுக்குத் தெரியாது. அந்தச் செய்தியைத்தான் விளக்கு கொண்டுபோக வேண்டும்.

வெட்டுமேசை
இது போதும். கல்யாண நினைவு காலி.

ரீல்பெட்டி
அருமை. ஆனால் இரண்டு சந்தேகம். கையில் ஜிபிஎஸ் இருந்தால் கலியன் ஏன் விளக்கைப் பார்க்கணும்? அப்புறம், ஒரு விளக்கைப் பார்த்து "வாசல் இங்கே" என்று அவன் எப்படிப் புரிந்துகொள்வான்?

சவுக்குத்தோப்பு
ஜிபிஎஸ் இருக்கட்டும், அதைத் தண்ணீரில் விழவைத்துத் தப்பிக்க வேண்டாம். அதில் அவன் குறித்து வைத்திருப்பது காலையில் இருந்த வாசலை. கருவி சரியாகத்தான் வேலை செய்யும், நேராகக் கொண்டுபோய்ப் புது மணல்திட்டில் ஏற்றிவிடும். கருவி கெட்டுப்போவதை விட இது மோசம், கதைக்கும் நல்லது.

இரண்டாவதுக்கு: ஒரு விளக்கு திசையை மட்டும் சொல்லும். அதை நோக்கி வடகிழக்கிலிருந்தும் வரலாம், தென்கிழக்கிலிருந்தும் வரலாம், வழியில் எதன்மேல் ஏறுவோம் என்று தெரியாது. இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று தண்ணீர் ஓரமாகத் தாழ்வாக, மற்றது அதற்கு நேர் பின்னால், மணல்மேட்டில் உயரமாக. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் அவன் வாசலுக்கு நேராக இருக்கிறான். பகலில் கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து இடம் குறிக்கிறார்களே, அதே கணக்கு. கன்யாகுமரிப் பக்கம் கணியம் என்பார்கள். கலியனுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடு விலகினால் திருத்துவதும் எளிது. கீழ் விளக்கு எந்தப் பக்கம் தள்ளித் தெரிகிறதோ அந்தப் பக்கம் படகைத் திருப்ப வேண்டும். வாடைக் காலத்தில் நீவாடு என்கிற கடல் நீரோட்டம் தெற்கே இழுக்கும். படகு தெற்கே ஒதுங்கும்போது கீழ் விளக்கு மேல் விளக்குக்கு வடக்கே விலகித் தெரியும். அதைப் பார்த்து வடக்கே திருப்பினால் கோட்டுக்கு வந்துவிடுவான்.

ரீல்பெட்டி
இரண்டு விளக்குக்கும் எவ்வளவு இடைவெளி? படத்தில் பத்தடி விட்டு வைத்தால் போதுமா?

சவுக்குத்தோப்பு
பத்தடி வைத்தால் கடலிலிருந்து எப்போது பார்த்தாலும் ஒரே கோடாகத்தான் தெரியும், பயனில்லை. நாற்பது மீட்டர் வையுங்கள். முன் விளக்கு ஆளுயரக் கழியில், பின் விளக்கு அதைவிட இரண்டு மீட்டராவது உயரத்தில். இப்படி வைத்தால், கோட்டிலிருந்து 25 மீட்டர் விலகிய படகுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விலகல் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், அரைக் கிலோமீட்டரில் தெளிவாகத் தெரியும். அதாவது முதலில் அவனுக்கு ஒரே வெளிச்சம்போல் படும், நெருங்க நெருங்கத்தான் அது இரண்டாகப் பிரியும். கலியனின் பார்வையில் ஒரு ஷாட் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். வசனமே வேண்டாம்.

படகு அலைக் குழியில் இறங்கும்போது முன் விளக்கு மறையும், முகட்டில் ஏறும்போது தெரியும். ஷாட்டில் அது நின்று எரிந்தால் பொய்யாக இருக்கும்.

பொருள்அறை
செட் பொருள் பக்கத்திலிருந்து கொஞ்சம். "எண்ணெய் தீர்ந்து அணைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன லாந்தரில் கால் லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றினால் பத்து மணி நேரம் எரியும். சாயங்காலம் ஊற்றியது ராத்திரிக்குள் தீராது.

லாந்தரில் நிஜமாகவே நடக்கிற தொல்லை கரி. ஃபைபர் படகு வீட்டில் இரண்டு மூன்று கேன் இருக்கும். எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோல், ஓட்ட மண்ணெண்ணெய். ஓட்டுகிற மண்ணெண்ணெயில் எஞ்சின் ஆயில் கலந்திருக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது பல வீட்டில் கிடையாது, ஆகவே அவள் கைக்கு அகப்படுவது அந்த ஆயில் கலந்த கேன்தான். அதை ஊற்றினால் விளக்கு எரியும். ஆனால் சுடர் செவ்வந்தி நிறத்தில் நாக்கு நீட்டும், நுனியில் புகை, கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கூட்டின் மேல்பாதி கறுத்துப்போகும். கிட்ட நிற்கிறவளுக்கு விளக்கு எரிகிறது, கடலுக்கு வெளிச்சம் போகவில்லை. இந்த நெருக்கடி அணைவதைவிட நல்லது என்று எனக்குப் படுகிறது. அவள் திரியை இறக்கணும், கண்ணாடியைத் தூக்கணும், முந்தானையால் துடைக்கணும், அந்தச் சில விநாடி காற்று சுடரை அடிக்கும். ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி எடுக்காதீர்கள், சூடான கண்ணாடி அந்த இடத்திலேயே விரியும்.

புதுத்திரி போடுவதாகக் காட்டினால், எண்ணெய் ஊறக் கால் மணி நேரமாவது விட வேண்டும். காய்ந்த திரியைப் பற்றவைத்தால் திரியே கருகும். திரி நுனியை நேராக வெட்டி இரண்டு மூலையையும் லேசாகக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுடர் கொம்பு முளைத்துப் புகையும்.

ஒரு விஷயம் கண்டிப்பாக: படப்பிடிப்பில் அவசரத்துக்குக்கூட லாந்தரில் பெட்ரோல் ஊற்ற விடாதீர்கள். வெடிக்கும்.

புதுக்கடை
மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும், லிட்டர் என்ன விலை என்று யாராவது சொல்லுங்க. எங்க வீட்டிலும் லாந்தர் இருக்கு.

பொருள்அறை
இது திரைக்கதை இழைங்க. உங்கள் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உப்புக்காற்று
எல்லோரும் ஒன்றை மறக்கிறீர்கள். இன்றைய கதை என்றால் ஊரில் வீட்டுக்கு ஒரு பைக் இருக்கிறது. பைக் முகப்பு விளக்கைக் கடலைப் பார்த்துத் திருப்பினால் லாந்தரைப்போல் பல மடங்கு வெளிச்சம். அஞ்சலை ஏன் லாந்தரோடு மல்லுக்கட்ட வேண்டும்? பார்ப்பவர்கள் இதைக் கேட்பார்கள்.

சவுக்குத்தோப்பு
சரியான கேள்வி, கதைக்குள்ளேயே பதில் வைத்துவிடலாம். பைக் விளக்கு நேரே பார்த்தால்தான் பிரகாசம், பத்து டிகிரி விலகினால் மங்கிப்போகும். லாந்தர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று தெரியாதவரை லாந்தர்தான் உதவும். ஆனால் பின் விளக்குக்குப் பைக் ரொம்பப் பொருத்தம். மேட்டில் ஏற்றிக் கோட்டின் வழியாகக் கடலைப் பார்க்க நிறுத்தினால், மேலே வெள்ளை, கீழே மஞ்சள். எது மேல், எது கீழ் என்று குழம்பவே வழியில்லை. பல பைக்கில் எஞ்சின் ஓடாமல் விளக்கு சரியாக எரியாது, ஓடவிட்டே வைக்கணும்.

வெட்டுமேசை
பைக் வந்தால் இன்னொரு ஆளும் வருவான், அஞ்சலைக்குப் பேச ஒரு துணை. அது நல்லது. ஆனால் லாந்தர் சின்னதாகிவிடும் என்று எனக்குப் பயம். தலைப்புப் பொருளே அதுதானே.

சவுக்குத்தோப்பு
கீழ் விளக்கு இல்லாமல் கோடு கிடையாது. பைக் மட்டும் இருந்தால் மறுபடியும் வெறும் திசைதான்.

ரீல்பெட்டி
காட்சி 3-ஐ மறுபடி எழுதிப் பார்த்தேன். பைக்காரன் கலியனின் அண்ணன் மகன், முத்து.

காட்சி 3. வெளி. முகத்துவாரக் கரை. முன்னிரவு.
(ஊர் முழுக்க இருட்டு. அஞ்சலை புது வாசலின் ஓரமாகக் கழியை மணலில் அழுத்தி நடுகிறாள். லாந்தரைக் கட்டுகிறாள். மேட்டில் பைக் எஞ்சின் சத்தம்.)
முத்து: சித்தி, நேத்து இருந்த எடம் அங்கல்ல? இங்க நட்டீங்கன்னா சித்தப்பா ஏமாந்துருவாரு.
அஞ்சலை: மத்தியானமே அது தூந்து போச்சுடா. இப்ப தண்ணி இங்கதான் ஓடுது. வண்டிய இன்னும் தெக்கால தள்ளு.
முத்து: இம்புட்டு போதுமா?
(அஞ்சலை லாந்தருக்கு முன்னால், தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கித் திரும்பிப் பார்க்கிறாள். மேல் வெளிச்சமும் கீழ் வெளிச்சமும் சேரவில்லை.)
அஞ்சலை: இன்னும் நாலு முழம். இன்னும்... நிறுத்து!
(இரண்டு வெளிச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழ் வெளிச்சம் மெல்ல மங்குகிறது. கண்ணாடியில் கரி.)

வெட்டுமேசை
அவள் தண்ணீருக்குள் இறங்கிப் பார்ப்பது ரொம்ப நல்லது. இரண்டு விளக்கின் கணக்கு ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் பார்ப்பவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "சித்தப்பா ஏமாந்துருவாரு" என்பதையும் எடுத்துவிடலாம், முத்து கையால் வடக்கே காட்டினால் போதும்.

சவுக்குத்தோப்பு
இடுப்பளவு வேண்டாம். வெள்ளம் வெளியே ஓடுகிற வாசல், எதிரே அலை. அந்த இடத்தில் இடுப்பளவில் நின்றால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கதையிலும் படப்பிடிப்பிலும். வாசலுக்கு நேரே இறங்காமல் பக்கத்து மணல் நாக்கில் கணுக்கால் அளவில் நிற்கட்டும். கோட்டின் மேல்தானே நிற்கணும் என்றால், கழியை வாசலின் தென்கரை விளிம்பில் நட்டு, விளிம்பை ஒட்டியே அவளை நடக்க விடுங்கள். கலியன் விளிம்பை வலப்பக்கம் ஒதுங்கி உள்ளே வருவான் என்று கொள்ளலாம்.

இன்னொன்று. வெளியே ஓடும் ஆற்று வெள்ளமும் உள்ளே வரும் அலையும் மோதுகிற இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். நீர் வற்றும் நேரத்தில் அது இன்னும் மோசம். அனுபவமுள்ளவன் விளக்கைப் பார்த்த உடனே நுழையமாட்டான், நீர் ஏறும்வரை வெளியே எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு காத்திருப்பான். அங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆனாலும் அந்தக் கொஞ்சமே படகின் அடி தட்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். அப்படியானால் அஞ்சலை அந்த விளக்கை மழைக்குள்ளும் எரியவைத்திருக்க வேண்டும். உங்கள் காட்சி 4 அதுதான் என்று நினைக்கிறேன்.

கொளச்சல்காரன்
எனக்கு ஒரு சந்தேகம். ஜிபிஎஸ் வடக்கே காட்டுது, விளக்கு தெற்கே காட்டுது. அவன் விளக்கை ஏன் நம்பணும்? வேற யாரோ எதுக்கோ வைத்த விளக்குன்னு நினைக்கமாட்டானா? எங்க ஊர்ப் பொழிமுகத்தில் ராத்திரி ஆற்றோரம் வலை வீசுறவங்க விளக்கே நாலஞ்சு இருக்கும்.

சவுக்குத்தோப்பு
சூறைக் காற்றில் யாரும் வலை வீச வரமாட்டார்கள், ஊரே இருட்டு. அசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு விளக்கு தற்செயலாக அமையாது. நான் கலியனாக இருந்தால் நம்புவேன்.

உப்புக்காற்று
நான் நம்பமாட்டேன். கையில் இருக்கிற கருவியை விட்டுவிட்டு இருட்டில் தெரிகிற வெளிச்சத்தை நம்பிப் படகை விட மனசு வருமா? முன்கூட்டியே அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருப்பதாகக் காட்சி 1-இல் ஒரு கோடி காட்டுங்கள்.

வெட்டுமேசை
ஏற்பாடு என்று காட்டிவிட்டால் பதற்றம் போய்விடும். அவன் நம்புவானா என்பது அஞ்சலைக்கே தெரியாமல் இருப்பதுதான் நல்லது. கலியனின் ஷாட்டில் ஒரு கையில் கருவி, எதிரே இரண்டு வெளிச்சம். எதைப் பார்த்து எஞ்சின் பிடியைத் திருப்புகிறான் என்பதோடு நிறுத்தலாம். விடியலில் வெறும் கடலைக் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

ரீல்பெட்டி
அதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை, இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கிறேன். காட்சி 1, 3 இரண்டையும் ஒரே மாலையில் எடுத்துவிட முடியுமா?

பொருள்அறை
முடியாது. நம் ஊரில் சூரியன் இறங்கி இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வானம் கறுத்துவிடும். காட்சி 1-க்கே அந்த நேரம் போய்விடும். காட்சி 3-க்கு வானத்தில் துளி நீலம் மிஞ்சியிருந்தால்தான் கடலும் கரையும் பிரிந்து தெரியும், அதனால் அடுத்த நாள் மாலை. கழி நடுகிற இடத்தையும் பைக் நிற்கிற இடத்தையும் பகலிலேயே கயிறு பிடித்து அடையாளம் போட்டுவிடுங்கள். முகத்தில் வெளிச்சம் போதாவிட்டால் லாந்தருக்குப் பின்னால், கேமரா பார்க்காத பக்கம் மஞ்சள் எல்இடி ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். லாந்தர் மூன்று வாங்குங்கள், கண்ணாடி ஆறு.

ரீல்பெட்டி
கண்ணாடி ஆறா?

பொருள்அறை
மழைக் காட்சி இருக்கிறதே. ஆறும் போதாமல் போகலாம்.